பில்டருடன் பேசிய கால் ரெக்கார்டிங்கிலிருந்து ஒப்பந்தத்துக்குப் போகும் குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃப்ளாட் வாங்கும்போது கையெழுத்துப் போடும் விற்பனை ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் ஒரு பத்தி இருக்கும். இந்த ஒப்பந்தமும் இதன் இணைப்புகளும்தான் முழு உடன்பாடு, இதற்கு முன் வாயால் பேசியதும் கடிதத்தில் எழுதியதும் இதற்குள் அடங்கிவிட்டன, தனியாகச் செல்லாது என்பது அதன் சாரம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் விதிகளோடு வரும் மாதிரி ஒப்பந்தத்திலேயே இந்தப் பத்தி உண்டு, அதனால் எந்த பில்டரிடம் வாங்கினாலும் இதைப் பார்க்கலாம். பலர் கால் ரெக்கார்டிங்கை போனில் வைத்துக்கொண்டு, "எல்லாம் ஆதாரமா இருக்கு" என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். ரெக்கார்டிங்கில் இருப்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால், பிறகு அதைக் காட்டி வாதாடுவது கடினம்.

ரெக்கார்டிங்கின் உண்மையான பயன் கையெழுத்துக்கு முன்னால்தான். அதில் சொன்னதை எழுத்தில் வடித்து, பில்டரை எழுத்திலேயே ஆமோதிக்க வைத்து, அதை ஒப்பந்தத்தின் இணைப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கட்டுமானத்தில் இருக்கும் ஒரு ஃப்ளாட்டை வைத்து, அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்

காலின் தொடக்கத்திலேயே "விவரம் மறந்துபோகாம இருக்க ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார், அதுவே ஒரு லாபம். அப்புறம் தேதி, பிராஜெக்ட் பெயர், ஃப்ளாட் எண், பேசுபவரின் பெயர், அவருடைய பொறுப்பு எல்லாவற்றையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வாங்குங்கள். "டூ பிஹெச்கே, செகண்ட் ஃப்ளோர்" என்று மட்டும் இருக்கும் பதிவு எந்த ஃப்ளாட்டைப் பற்றியது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.

பேசி முடித்ததும் மூலக் கோப்பை வெட்டாமல், ஒட்டாமல், பெயர்கூட மாற்றாமல் ஒரு பிரதி எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கோ கம்ப்யூட்டருக்கோ அனுப்பிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். விண்டோஸில் அதை எடுக்க இந்த ஒரு வரி போதும்:

```
certutil -hashfile call.m4a SHA256
```

வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். வழக்கு வரை போகாமலே முடிந்துவிடலாம், முடியட்டும். ஆனால் இந்த எண்ணை அன்றே எடுத்து வைத்தால்தான் அதற்கு அர்த்தம்.

படி 2: முழுசாகத் தட்டச்சு செய்யாதீர்கள்

இருபது நிமிடப் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதினால் பத்துப் பக்கம் வரும், அதை யாரும் படிக்க மாட்டார்கள். ஒருமுறை கேட்டுக்கொண்டே போங்கள். எண், தேதி, பொருளின் பெயர், "பார்த்துக்கலாம்" மாதிரியான நழுவல் என்று இந்த நான்கில் ஒன்று வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, நிமிடக் குறியோடு அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பேசியவரின் மொழியிலேயே எழுதுவது முக்கியம். அவர் "பண்ணித் தர்றோம்" என்று சொன்னதை நீங்கள் "இலவசமாகச் செய்து தருகிறார்கள்" என்று எழுதிவிட்டால், பில்டர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு "நாங்க ஃப்ரீனு சொல்லவே இல்லையே" என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

நம் உதாரணக் கால் இப்படிப் போகிறது. கட்டடம் ஸ்டில்ட் பிளஸ் 4, அதாவது கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு மாடி. விற்பனைப் பிரதிநிதி பேசுகிறார்:

*04:10* "மொத்தம் 80 லட்சம் மேடம், ஆல் இன்க்ளூசிவ்."

*05:25* "இப்ப 2 லட்சம் டோக்கன் போட்டா ஃப்ளாட்டை பிளாக் பண்ணிடுவேன். 15 நாள்ல 20 பர்சென்ட் கட்டிட்டீங்கன்னா அக்ரிமென்ட் ரெடி பண்ணிடலாம். அப்புறம் பேஸ்மென்ட் முடிஞ்சதும் 15, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் 10, செங்கல் வேலைக்கு 10, டைல்ஸுக்கு 10, சாவி கொடுக்கறப்ப 5."

*09:40* "2028 பொங்கலுக்கு நீங்க பால் காய்ச்சிடலாம் மேடம். மேக்ஸிமம் கொஞ்சம் முன்னபின்ன ஆகலாம்."

*13:05* "டோர் எல்லாம் தேக்கு. பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் பாரிவேர், இல்லேன்னா அதுக்கு ஈக்குவலா போடுவோம். மாடுலர் கிச்சன் பண்ணித் தர்றோம். ஏசி எல்லா ரூம்லயும் வந்துடும்."

கேட்கும்போது எல்லாம் தெளிவாக இருப்பது போலத்தான் தோன்றும். எழுதிப் பார்த்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

படி 3: பணத் தவணையைக் கூட்டிப் பாருங்கள்

முதலில் சதவீதங்களைக் கூட்டுங்கள். 20, 15, செங்கல் வேலைக்கு 10, டைல்ஸுக்கு 10, சாவிக்கு 5: மொத்தம் 60. ஸ்லாபுக்கு மிச்சம் 40, ஆக நான்கு ஸ்லாப். ஆனால் ஸ்டில்ட் பிளஸ் 4 கட்டடத்தில் ஸ்லாப் ஐந்து. பார்க்கிங்கின் கூரை ஒன்று, நான்கு மாடிகளின் கூரை நான்கு. "ஒவ்வொரு ஸ்லாபுக்கும் 10" என்பதை அப்படியே எடுத்தால் மொத்தம் 110 சதவீதம் ஆகிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, ஏதோ ஒரு ஸ்லாபைக் கணக்கில் சேர்க்காமல் பழகியிருப்பார். எந்த ஸ்லாப் என்று எழுத்தில் இல்லையென்றால் ஸ்டில்ட் ஸ்லாப் போட்ட மறுநாளே 8 லட்சத்துக்கு டிமாண்ட் லெட்டர் வரும்.

அடுத்தது, டோக்கன் 2 லட்சம் அந்த 20 சதவீதத்துக்குள்ளா, வெளியிலா? பதிவில் பதில் இல்லை. கேள்வியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இருப்பதிலேயே பெரியது. "20 பர்சென்ட் கட்டினா அக்ரிமென்ட்" என்கிறார். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 13, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது. 80 லட்சத்துக்கு அது 8 லட்சம். அவர் கேட்பது 16 லட்சம். இதைச் சண்டையாக்க வேண்டியதில்லை. குறிப்பில் "டோக்கன் உட்பட 8 லட்சம் வரை முன்பணம், மீதி 8 லட்சம் ஒப்பந்தம் பதிவான பிறகு" என்று எழுதிக் கேட்டால் போதும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தில் பணம் போடலாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஆல் இன்க்ளூசிவ்" என்ற சொல்லையும் உடைத்தாக வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக 5 சதவீதம், சட்டப்படி மலிவு விலை வீடு என்ற வகைக்குள் வந்தால் 1 சதவீதம். இந்த ஃப்ளாட் அந்த வகையில் வராது, ஆக 4 லட்சம். அது 80க்குள்ளா? பத்திரச் செலவு, ஈ.பி. டெபாசிட், கார் பார்க்கிங், பராமரிப்புக்கான முன்பணம், கார்பஸ் ஃபண்ட் எல்லாம் எங்கே? ஒவ்வொன்றுக்கும் "உண்டு, இல்லை" என்று பதில் வாங்குங்கள். விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து நீங்களே வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவில்லை, பில்டருக்குப் போகும் தொகையிலிருந்து கழிவதுதான். ஆனால் குறிப்பில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு "பணம் குறையுது" என்று போன் வரும்.

கடைசியாக, அட்டவணையின் சாய்வைப் பாருங்கள். இதில் கடைசி ஸ்லாப் போடும்போது நீங்கள் 75 சதவீதம், அதாவது 60 லட்சம் கட்டியிருப்பீர்கள். சுவர், பூச்சு, பிளம்பிங், வயரிங், டைல்ஸ், பெயின்ட், லிஃப்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். வேலை இழுத்தடிக்கும் கட்டம் அதுதான், உங்கள் கையில் பிடி குறைவாக இருப்பதும் அப்போதுதான். சாவித் தவணையை 5லிருந்து 10 ஆக்கச் சொல்லி, ஸ்லாப் தவணைகளில் குறைக்கக் கேட்கலாம். எல்லாரும் தர மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை. எது கேட்டாலும், "முடிந்ததும்" என்ற சொல் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். "ஸ்லாப் தொடங்கும்போது" என்பதற்கும் "கான்கிரீட் போட்டு முடிந்ததும்" என்பதற்கும் நடுவில் பல வாரங்கள் ஓடலாம். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கியும் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பணம் விடுவிக்கும்.

படி 4: "பொங்கலுக்கு" என்பதைத் தேதியாக்குங்கள்

"பால் காய்ச்சிடலாம்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். அதில் தேதியும் இல்லை, எது நடந்தால் வீடு ஒப்படைத்ததாகக் கணக்கு என்பதும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

தேதிக்கு முதலில் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த பிராஜெக்டின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டும், அல்லது 8 ஃப்ளாட்டுக்கு மேல் உள்ள திட்டங்கள் பதிவு செய்தாக வேண்டும், எப்போது முடிப்போம் என்று பில்டரே அங்கே தேதி கொடுத்திருப்பார். நம் உதாரணத்தில் அங்கே இருப்பது 30.09.2028 என்று வைத்துக்கொள்வோம். வாயில் 2028 ஜனவரி, அரசிடம் 2028 செப்டம்பர். எட்டு மாத வித்தியாசம். பில்டர் தனக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு அரசிடம் தேதி கொடுப்பது வழக்கம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் எந்தத் தேதி ஏறுகிறது என்பதில்தான் உங்கள் உரிமை இருக்கிறது. ரெரா சட்டத்தின் பிரிவு 18, ஒப்பந்தத்தில் குறித்த தேதிக்குள் வீடு தராவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம், அல்லது வீடு வேண்டுமென்றால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் செப்டம்பர் என்று இருந்தால், ஜனவரிக்குப் பிறகு நீங்கள் கட்டும் வாடகையும் கடன் வட்டியும் உங்கள் தலையில்தான்.

"கொஞ்சம் முன்னபின்ன" என்பதை எண்ணாக்குங்கள். ஒப்பந்தங்களில் ஆறு மாத கிரேஸ் பீரியட் என்று எழுதுவதைப் பரவலாகப் பார்க்கலாம். அந்த ஆறு மாதமும் சேர்ந்துதான் பொங்கலா, பொங்கலுக்குப் பிறகு ஆறு மாதமா என்று கேளுங்கள். தேதிக்குப் பதில் "24 மாதங்கள்" என்று சொன்னால், எந்த நாளிலிருந்து என்று கேட்க மறக்காதீர்கள். ஒப்பந்த நாளா, திட்ட அனுமதி கிடைத்த நாளா, அஸ்திவாரம் போட்ட நாளா என்பதில் ஒரு வருடம் வரை மாறலாம். எண்ணிக்கையே வேண்டாம், நாள் மாதம் வருடம் மூன்றும் உள்ள தேதி வேண்டும் என்று நில்லுங்கள்.

அப்புறம், வீடு ஒப்படைப்பது என்றால் என்ன. சாவி கொடுத்துவிட்டு லிஃப்ட் ஓடாமல், கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே குடியிருக்க வைக்கும் கதைகள் நிறைய. கட்டட நிறைவுச் சான்றிதழ், நிரந்தர மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, லிஃப்ட் எல்லாம் தயாராகி அதன் பிறகு சாவி என்று குறிப்பில் எழுதிக் கேளுங்கள். அப்போதுதான் அந்தக் கடைசி 5 சதவீதத்துக்கும் பொருள் உண்டு.

படி 5: பொருத்தித் தருகிறேன் என்றவற்றை அளவோடு கேளுங்கள்

இந்தப் பகுதியில்தான் வார்த்தைகள் அதிகம் வழுக்கும். "டோர் எல்லாம் தேக்கு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய இடங்களில் வாசல் கதவின் நிலை மட்டும் தேக்கு, கதவு தேக்கு வினீர் ஒட்டிய ஃப்ளஷ் டோர், அறைக் கதவுகள் வேறு மரம் அல்லது அச்சுக் கதவு. நிலை எது, கதவு எது, எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்தெந்த வாசலுக்கு என்று நான்காகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும். "எல்லாம்" என்ற சொல் பதிவில் இருப்பதால், அவர் இப்போது குறைத்துச் சொன்னால் 13:05 நிமிடத்தைச் சுட்டிக்காட்டலாம்.

"ஏசி எல்லா ரூம்லயும் வந்துடும்" என்பதில் பெரும்பாலும் வருவது ஏசி இல்லை, ஏசிக்கான மின் பாயின்ட். சில இடங்களில் தண்ணீர் வடியும் குழாயும் சுவருக்குள் போட்டுத் தருவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. கீசர், சிம்னி, இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் "பாயின்ட் மட்டுமா, பொருளா" என்று ஒரு கேள்வி போடுங்கள். கிச்சனும் அப்படித்தான்: கிரானைட் மேடையும் சிங்க்கும் மட்டும் தந்துவிட்டு அதையே மாடுலர் கிச்சன் என்று சொல்பவர்களும் உண்டு. மேலே கீழே அலமாரி உண்டா, என்ன பலகை, எத்தனை அடி நீளம் என்பது வர வேண்டும்.

பிராண்டுப் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியில் குழாய் ஒன்று ஆயிரத்துக்கும் இருக்கும், பத்தாயிரத்துக்கும் இருக்கும். மாடல் வரிசையின் பெயரையோ, அது சொல்லத் தயங்கினால் ஒரு குழாய்க்கான குறைந்தபட்ச விலை வரம்பையோ கேளுங்கள். "அல்லது அதற்கு இணையான" என்ற தொடரை முழுசாக நீக்க பில்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். பொருள் கிடைக்காமல் போவதும் உண்மைதான் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. "அதே விலைக்குக் குறையாத, வாங்குபவர் எழுத்தில் சம்மதித்த மாற்று" என்று அதை இறுக்கிவிட்டால் போதும். மாதிரி ஃப்ளாட் இருந்தால் அங்கே போய் குழாய், சுவிட்ச், டைல்ஸ், கைப்பிடி எல்லாவற்றையும் அருகில் வைத்துப் போட்டோ எடுத்து வாருங்கள்.

படி 6: அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்

பேசிய அன்றே, இல்லையென்றால் மறுநாள் காலைக்குள் அனுப்பிவிடுங்கள். பிரதிநிதியின் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பினால் அவர் வேலை மாறிப் போனதும் எல்லாம் போச்சு. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பி, அவருக்குப் பிரதி போடுங்கள். அவர் சொன்னதும் நீங்கள் கேட்பதும் கலந்துவிடாமல் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். உதாரணத்துக்கு:

> ஐயா, இரண்டாம் தளத்தில் உள்ள ஃப்ளாட் (எண் குறிப்பிடவும்) தொடர்பாக இன்று காலை 11 மணிக்கு உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து தொலைபேசியில் கூறியவை:
>
> விலை அனைத்தும் சேர்த்து 80 லட்சம். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் 10 சதவீதம். 2028 பொங்கலுக்கு வீடு ஒப்படைப்பு. கதவுகள் அனைத்தும் தேக்கு. எல்லா அறைகளிலும் ஏசி.
>
> இவற்றில் தெளிவு தேவைப்படுபவை: 80 லட்சத்தில் ஜி.எஸ்.டி. அடங்குமா? ஸ்டில்ட் ஸ்லாபுக்குத் தவணை உண்டா? 2 லட்சம் டோக்கன் முதல் தவணையில் கழியுமா? ஒப்படைப்புத் தேதியை 15.01.2028 என எடுத்துக்கொள்ளலாமா, அதற்கு மேல் அவகாசம் உண்டா? ஏசி என்பது சாதனமா, மின் பாயின்ட் மட்டுமா?
>
> மேற்கண்டவற்றில் பிழை இருந்தால் திருத்தி எழுதவும். இவை விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பில் இடம்பெறும் என்ற எழுத்துப்பூர்வ பதில் கிடைத்ததும் முன்பணம் செலுத்துகிறேன்.

கடைசி வரிதான் இந்தக் கடிதத்தின் உயிர். பணம் உங்கள் கையில் இருக்கும் வரைதான் பதில் வேகமாக வரும்.

படி 7: பதிலைப் படிப்பது

பதில் எழுத்தில் வராமல் போனில் வரலாம். "மெயில் பார்த்தேன் மேடம், எல்லாம் ஓகே" என்பார்கள். "சரி, அதையே மெயில்ல ஒரு வரி போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு காத்திருங்கள். பதிலே வராவிட்டால் ஒத்துக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். மௌனத்தைச் சம்மதமாகக் காட்டுவது அத்தனை எளிதில்லை.

அடிக்கடி வரும் இன்னொரு பதில், "எல்லாம் அக்ரிமென்ட்ல இருக்கும்". அதற்கு ஒரே மறுமொழி, ஒப்பந்தத்தின் வரைவை இணைப்புகளோடு சேர்த்து இப்போதே அனுப்பச் சொல்வது. டோக்கன் போட்டால்தான் வரைவு காட்டுவோம் என்று சொல்பவரிடம், அந்த டோக்கன் திரும்பி வருமா, எத்தனை நாளில் வரும் என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

படி 8: வரைவோடு ஒப்பிடுங்கள்

வரைவு வந்ததும் உங்கள் மின்னஞ்சலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். தவணை அட்டவணை ஒரு இணைப்பிலும், கட்டுமான விவரக்குறிப்பு இன்னொன்றிலும், ஒப்படைப்புத் தேதி உள்ளேயும் இருக்கும். "தோராயமாக", "அல்லது அதற்கு இணையான", "நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் வரும் இடங்களை வட்டமிடுங்கள். தாமத வட்டி இரண்டு பக்கமும் ஒரே வீதமா என்றும் பாருங்கள். நீங்கள் தவணை தாமதித்தால் ஒரு வீதம், அவர் வீடு தாமதித்தால் வேறு வீதம் என்று எழுத ரெரா சட்டம் இடம் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டு விதிகளில் அது ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். வீதங்களில் அதிகபட்சமானதோடு 2 சதவீதம்.

விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும்போது "மெயில் போட்டிருக்கோமே, அது போதும்" என்றால் முதலில் சொன்ன அந்த முழு உடன்பாட்டுப் பத்தியைக் காட்டுங்கள். மின்னஞ்சலை அப்படியே ஒரு இணைப்பாகச் சேர்த்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுவது சுலபமான வழி. பதிவான பிறகு எதையாவது மாற்ற வேண்டுமென்றால் துணை ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும், அதற்கு பில்டரின் சம்மதமும் வேண்டும். அதனால் இணைப்பு முழுமையாகாமல் பதிவுக்கு நாள் குறிக்காதீர்கள்.